முதல் பில் மட்டும் ஏன் இரண்டு மடங்குக்கு மேல்?

"மாதம் 600 என்றுதான் பேச்சு. 19ஆம் தேதி பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்தார்கள். முதல் பில் 1480! நிறுவல் 500, ரூட்டர் வாடகை 140, அப்புறம் 240, 600 என்று இரண்டு தொகை. ஏமாற்றுகிறார்களா?"

இல்லைங்க, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பிராட்பேண்டுக்குப் பெரும்பாலும் முன்பணமாகத்தான் பில் போடுவார்கள். உங்கள் பில் சுழற்சி 1ஆம் தேதி தொடங்குகிறது போல. 19 முதல் 30 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 12 நாள். 600ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 20, ஆக 240. அடுத்த 600 வரப்போகும் முழு மாதத்துக்கு. வாடகையும் அப்படியே: 12 நாளுக்கு 40, முழு மாதத்துக்கு 100. நிறுவல் கட்டணம் ஒரே தடவைதான்.

நான் பார்ப்பது தொடக்கத் தேதியைத்தான். எனக்கு ஒருமுறை கேபிள் இழுத்த நாளிலிருந்தே கணக்குப் போட்டிருந்தார்கள். நெட் வந்ததோ நான்கு நாள் கழித்து. இணைப்பு செயல்பட்டதாக வந்த குறுஞ்செய்தியைக் காட்டியதும் அந்த நான்கு நாளைக் கழித்துவிட்டார்கள். உங்கள் குறுஞ்செய்தியில் 19க்குப் பிந்தைய தேதி இருந்தால் நீங்களும் கேட்கலாம். நிறுவ வந்தவரிடம் கையில் பணம் கொடுத்திருந்தால், அது பில்லில் வரவாகக் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த பில் 700 வர வேண்டும். மறுபடி 500 ஏறியிருந்தால் கட்டுவதற்கு முன்பே புகார் எண் வாங்கிவிடுங்கள். வாடகை ரூட்டர் என்பதால், இணைப்பை விடும்போது அதைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கும்வரை அந்த 100 ஓடிக்கொண்டே இருக்கலாம்.