ஏக்கர் தோட்டத்துக்கு எவ்வளவு வெயிட்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மதுரையில் முதுகலைப் புள்ளியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காகத் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் 60 மல்லிகைத் தோட்டங்களுக்குப் போய், தோட்டம் எத்தனை சென்ட், அன்று காலையில் எத்தனை கிலோ பூ எடுத்தார்கள் என்று எழுதி வந்தேன். சாதாரண ரெக்ரஷன் போட்டால் சின்னத் தோட்டங்களின் புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்கின்றன, ஏக்கர் தோட்டங்களில் விசிறியாக விரிகின்றன. கைடு சார் 1/சென்ட் வெயிட் போடச் சொல்கிறார். சீனியர் அக்கா 1/சென்ட்² என்கிறார். பாடப்புத்தகம் டேட்டாவிலிருந்தே வெயிட்டை மதிப்பிடு என்கிறது. அப்படிச் செய்ததில் சென்ட்டின் அடுக்கு 1.4 வந்தது. மூன்றுக்கும் மூன்று சாய்வு. போதாததற்கு, வெயிட் போட்ட பிறகும் படத்தில் விசிறி அப்படியே இருக்கிறது. எதை எழுதட்டும்?

ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கைடும் சீனியரும் ஆளுக்கொரு சூத்திரம் சொல்வதுபோலத் தெரிந்தாலும், இரண்டு பேரும் உண்மையில் தோட்டத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள். ஒவ்வொரு செடியும் தன் போக்கில் கொஞ்சம் கூடவோ குறையவோ பூக்கிறது, பக்கத்துச் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வையுங்கள். அப்போது தோட்டத்தின் மொத்தப் பூவில் உள்ள மாறுபாடு செடிகளின் எண்ணிக்கையோடு, அதாவது சென்ட்டோடு, நேராக ஏறும். அடுக்கு 1. கைடு சொல்வது இது. மாறாக, தண்ணீர் விட்டது, மருந்து அடித்தது, அன்றைக்குப் பூ எடுக்க ஆள் கிடைத்தது எல்லாமே தோட்டம் முழுக்க ஒன்றாக அடிக்கிற விஷயங்கள் என்றால், கூடுதலோ குறைவோ தோட்டம் முழுவதற்கும் ஒரே விகிதத்தில் வரும். அப்போது திட்ட விலக்கம்தான் சென்ட்டோடு ஏறும், மாறுபாடு சென்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். அடுக்கு 2. இது சீனியர் சொல்வது. நிஜத் தோட்டத்தில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், உங்களுக்கு 1.4 வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

வெயிட் என்ன செய்கிறது என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். நிலமே இல்லையென்றால் பூவும் இல்லை என்று, இந்தக் கணக்குக்கு மட்டும் வெட்டுத்துண்டை விட்டுவிடுவோம். நான்கு தோட்டங்கள்: 10, 20, 50, 100 சென்ட். எடுத்த பூ 2, 5, 9, 30 கிலோ. எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

வெயிட் இல்லாத சாதாரண முறையில் சாய்வு என்பது Σxy / Σx². 3570-ஐ 13000-ஆல் வகுத்தால் சென்ட்டுக்கு சுமார் 275 கிராம். அடுக்கு 1 என்று வைத்து 1/சென்ட் வெயிட் போட்டால் சூத்திரம் Σy / Σx ஆகிவிடும். மொத்தப் பூவை மொத்த நிலத்தால் வகுப்பதுதான் அது: 46-ஐ 180-ஆல் வகுக்க 256 கிராம். அடுக்கு 2 என்றால், ஒவ்வொரு தோட்டத்துக்கும் சென்ட்டுக்கு எத்தனை கிராம் என்று தனித்தனியே பார்த்து (200, 250, 180, 300) அந்த நான்குக்கும் சராசரி எடுப்பதாகச் சுருங்கிவிடும். சுமார் 233 கிராம்.

இப்போது அந்த ஏக்கர் தோட்டத்தில் அன்றைக்கு ஆள் வராமல் நிறைய மொட்டு செடியிலேயே மலர்ந்துபோய், 30 கிலோவுக்குப் பதில் 18 கிலோதான் எடுத்தார்கள் என்று வையுங்கள். மற்ற மூன்று தோட்டமும் அப்படியேதான். சாதாரண முறையின் விடை 275-லிருந்து 182-க்கு விழுகிறது. மொத்தத்தை மொத்தத்தால் வகுக்கும் முறையில் 256, 189 ஆகிறது. சராசரி எடுக்கும் முறையில் 233, சுமார் 203. காரணம் எளிது. முதல் முறையில் விடையின் 77 சதவீதத்தை அந்த ஒரு தோட்டமே தீர்மானிக்கிறது. இரண்டாவதில் 56 சதவீதம், மூன்றாவதில் 25. எந்தத் தோட்டத்தின் எண் அதிகம் ஆடுமோ அதற்கே சாதாரண முறை அதிகப் பேச்சு கொடுக்கிறது. அதனால் அந்தச் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் பிசகுகிறது என்று சொல்ல முடியாது. சராசரியில் அது சரியான இடத்தையே தொடும். ஆனால் தேவையில்லாமல் ஆடும். அதன் கீழே அச்சாகிற திட்டப்பிழையும் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாறுபாடு என்று நம்பிக் கணக்கிட்டது, எனவே நம்பத்தக்கதல்ல.

சரி, உங்கள் 1.4-க்கு வருவோம். நீங்கள் செய்தது அநேகமாக இதுதான்:

```r
m0 <- lm(poo ~ sent, data = d)
a  <- lm(log(resid(m0)^2) ~ log(sent), data = d)
g  <- coef(a)[2]
m1 <- lm(poo ~ sent, data = d, weights = 1 / sent^g)
```

முறை சரி. ஃபீசிபிள் ஜெனரலைஸ்டு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்த நான்கு வரிக்குத்தான். இரண்டாவது வரியின் வெட்டுத்துண்டு சரியாக வராது. பிழைகள் இயல்நிலைப் பரவல் கொண்டவை என்றால் அது சுமார் 1.27 குறைவாகவே வரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லா வெயிட்டும் ஒரே விகிதத்தில் மாறினால் சாய்வு மாறாது. கவலைப்பட வேண்டியது `g` எவ்வளவு நிச்சயமானது என்பதைப் பற்றி. எச்சத்தை வர்க்கமாக்கி லாகரிதம் எடுத்தால், அதே இயல்நிலை அனுமானத்தில் அதன் மாறுபாடு சுமார் 4.93. அது பெரிய இரைச்சல். தோட்டங்கள் 10 முதல் 100 சென்ட் வரை பரவியிருக்கின்றன, `log(sent)`-இன் திட்ட விலக்கம் 0.66 போல இருக்கிறது என்று வைத்தால், 60 தோட்டத்துக்கு `g`-இன் திட்டப்பிழை 2.22 / (0.66 × 7.75), அதாவது 0.4-க்குச் சற்று மேல். உங்கள் 1.4-இன் இரண்டு பக்கமும் 0.8 தள்ளி நின்று பாருங்கள். கைடின் 1-உம் உள்ளே, சீனியரின் 2-உம் உள்ளே. இந்த 60 தோட்டங்களை வைத்து அவர்கள் வழக்கைத் தீர்க்கவே முடியாது.

இன்னொரு வம்பும் உண்டு. ஏதோ ஒரு தோட்டம் தற்செயலாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டால், எச்சம் 0.01 கிலோ என்றால், வர்க்கத்தின் லாகரிதம் -9.2. மூன்று கிலோ தள்ளி நிற்கும் தோட்டத்துக்கு அது 2.2. கோட்டில் கச்சிதமாக விழுந்த அந்த நல்ல பிள்ளைதான் இரண்டாவது வரியில் அடுக்கைப் பிடித்து இழுக்கும். `log(resid(m0)^2)`-ஐ `log(sent)`-க்கு எதிராக வரைந்து, கீழே தொங்கும் புள்ளிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் `nlme`-இல் உள்ள `gls`-ஐ `weights = varPower(form = ~ sent)` என்று போட்டு ஓட்டலாம். அது அடுக்கையும் கோட்டையும் சேர்த்தே மதிப்பிடும், இயல்நிலைப் பிழைகளுக்கு இரைச்சலும் குறைவு. ஆனால் அது தரும் அடுக்கு திட்ட விலக்கத்துக்கானது, மாறுபாட்டுக்கானது அல்ல. அங்கே 0.7 வந்தால் உங்கள் கணக்கில் அதுதான் 1.4.

விசிறி போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். `resid(m1)`-ஐ வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். R அதில் தருவது வெயிட் சேர்க்காத எச்சம், அதாவது கிலோவிலேயே உள்ள வித்தியாசம். ஏக்கர் தோட்டத்தில் பூ ஆடுவதை எந்த வெயிட்டும் நிறுத்தாது, எனவே அதில் விசிறி இருந்தே தீரும். `weighted.residuals(m1)`-ஐ வரையுங்கள். அதில் பட்டை ஒரே அகலத்தில் ஓடினால் வெயிட் சரி. விசிறி முன்பைவிட மோசமாக விரிந்தால், 1-இன் கீழே போட வேண்டியதை மறந்து `weights = sent^g` என்று போட்டிருக்கிறீர்கள். இடப்பக்கம் அகலமாகி வலப்பக்கம் குறுகினால், அடுக்கு அளவுக்கு மேல் போய்விட்டது.

மூன்று சாய்வில் எது என்பதுதான் மீதி. அடுக்கு கொஞ்சம் தவறினாலும் வெயிட் போட்ட முறை ஒருபக்கம் சாயாது, ஆதாயத்திலும் பெரும்பகுதி கையில் நிற்கும். தவறுவது திட்டப்பிழை மட்டுமே. அதுவும் உங்கள் நான்காவது வரி `g`-ஐ ஏதோ கடவுள் சொன்ன எண்போல எடுத்துக்கொள்கிறது, அதன் 0.4 தடுமாற்றம் எங்குமே கணக்கில் வருவதில்லை. 60 போன்ற சிறிய கூட்டத்தில் அச்சாகும் திட்டப்பிழை இதனால் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். ஆகவே வெயிட்டும் போடுங்கள், அதன்மேல் `sandwich` பொட்டலத்தின் `vcovHC(m1, type = "HC3")` கொண்டு, வெயிட் கொஞ்சம் தவறினாலும் தாங்குகிற திட்டப்பிழையும் எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்புதலில்லை.

ஆனால் மூன்று சாய்வும் ஒன்றுக்கொன்று திட்டப்பிழையைத் தாண்டி விலகி நின்றால், அது வெயிட்டின் பிரச்சினையே அல்ல. கோடு நேர்கோடு என்பது உண்மையானால், எந்த வெயிட்டும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். வளைவான ஒன்றின்மேல் நேர்கோட்டைப் போட்டால் மட்டுமே, எந்தப் பகுதியில் அதிகம் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சாய்வு மாறும். அடுக்கு ஏற ஏறக் கோடு சின்னத் தோட்டங்களின் பக்கம் சாய்ந்துகொள்ளும். மல்லிகையில் இதற்கு இடமுண்டு: 15 சென்ட் வைத்திருப்பவர் வீட்டோடு விடிகாலையில் இறங்கி ஒரு மொட்டும் விடாமல் எடுத்துவிடுவார், ஏக்கர்காரர் கூலி ஆளை நம்பியிருக்கிறார். சின்ன நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருப்பதை 1962-லேயே இந்தியப் பண்ணை மேலாண்மை ஆய்வுத் தரவுகளை வைத்து அமர்த்தியா சென் பேசியிருக்கிறார். அந்த நிலைமையில் `I(sent^2)` சேர்த்துப் பாருங்கள், அல்லது இரண்டு பக்கமும் லாகரிதம் எடுங்கள். அடுக்கு 2-க்குப் பக்கமாக இருந்தால் லாகரிதம் விசிறியையும் கூடவே மடக்கிவிடும், வெயிட்டே வேண்டாமல் போகலாம். அதன்பிறகும் விசிறி இருந்தால் மட்டும் அடுக்கை மறுபடி மதிப்பிடுங்கள், பழைய 1.4 புதிய மாதிரிக்குப் பொருந்தாது.

சாய்வுகள் நெருக்கமாக இருந்தால் 1.4-ஐயே முதன்மை விடையாக எழுதி, பக்கத்திலேயே 1-க்கும் 2-க்கும் வந்த சாய்வுகளையும் HC3 திட்டப்பிழையோடு கொடுங்கள். கைடும் சீனியரும் தங்கள் எண்ணை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். R² மட்டும் அந்த அட்டவணையில் வேண்டாம். வெயிட் போட்ட ஓட்டத்தில் அச்சாகும் R² வேறொரு அளவுகோலில் உள்ளது, சாதாரண முறையின் R²-உடன் ஒப்பிட்டு எது உசத்தி என்று வைவாவில் கேட்டால் பதில் சொல்ல முடியாது.