வாங்கிய தேதி எது? பங்கு, ஃபண்ட் விற்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: வரிக்காக, வைத்திருந்த காலத்தை எப்படி எண்ணுவது. 12 மாதம், 24 மாதம் என்ற எண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. 2024 ஜூலை 23 முதல் விதியும் எளிதாகிவிட்டது. இந்தியச் சந்தையில் பட்டியலான பங்கு, ஈக்விட்டி ஃபண்ட் யூனிட் என்றால் 12 மாதம். மற்றவற்றுக்கு, ஓரிரு விலக்கு தவிர, 24 மாதம். அந்தக் காலத்தைத் தாண்டி வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்ற இடத்தில்தான் பணம் போகிறது.

கேள்வி: 2024 ஆகஸ்ட் 14 அன்று ஒரு நிறுவனத்தின் 500 பங்குகளை 400 ரூபாய்க்கு வாங்கினேன். டீமேட்டில் 16-ம் தேதிதான் வந்து சேர்ந்தது. சரியாக ஒரு வருடம் முடியட்டும் என்று காத்திருந்து 2025 ஆகஸ்ட் 14 அன்று 700 ரூபாய்க்கு விற்றேன். இது நீண்டகாலம்தானே? எந்தத் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் தேதி. சந்தை வழியாக வாங்கி டெலிவரி எடுத்த பங்குக்குப் புரோக்கர் தரும் காண்ட்ராக்ட் நோட்டில் உள்ள தேதிதான் வாங்கிய தேதி. டீமேட்டில் வரவான தேதி அல்ல. வருமான வரித்துறையின் 1995-ம் ஆண்டுச் சுற்றறிக்கையே (எண் 704) இதைச் சொல்லிவிட்டது. விற்பதற்கும் அதே கணக்குதான். ஆகவே உங்களுக்கு 16-ம் தேதி பொருட்டில்லை, 14-தான்.

ஆனாலும் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. குறுகியகாலச் சொத்து என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், விற்ற தேதிக்கு ‘உடனடி முந்தைய’ 12 மாதங்களுக்கு மேற்படாமல் வைத்திருந்தது என்பது. அதாவது விற்ற நாள் கணக்கில் சேராது. நீங்கள் வைத்திருந்தது 2024 ஆகஸ்ட் 14 முதல் 2025 ஆகஸ்ட் 13 வரை. அது முழுதாக 12 மாதம், ஒரு நாள்கூட அதிகமில்லை. ‘12 மாதத்துக்கு மேல்’ என்பதில் அந்த ‘மேல்’ விட்டுப்போய்விட்டது. அடுத்த நாள் விற்றிருந்தால் போதும். ஆனால் அடுத்த நாள் ஆகஸ்ட் 15, சந்தை விடுமுறை. அதற்கப்புறம் சனி, ஞாயிறு. 18-ம் தேதி திங்கட்கிழமைதான் முதல் வாய்ப்பு.

அந்த ஒரு நாளின் விலையைப் பாருங்கள். லாபம் 1,50,000 ரூபாய். குறுகியகாலம் என்றால் 20 சதவிகிதம், அதாவது 30,000. 4 சதவிகித செஸ் சேர்த்து 31,200. நீண்டகாலம் என்றால் ஆண்டுக்கு முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை. மீதி 25,000-க்கு 12.5 சதவிகிதம் 3,125. செஸ் சேர்த்து 3,250. அந்த நிதியாண்டில் உங்களுக்கு வேறு பங்கு லாபம் இல்லை, மற்ற வருமானம் வரி வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வித்தியாசம் 27,950 ரூபாய்.

இதோடு சேர்த்து ஒன்று. எக்செல்லில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்து, 365-க்கு மேல் வந்தால் நீண்டகாலம் என்று ஃபார்முலா போடுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். லீப் வருடத்தில் மாட்டிவிடும். 2024 பிப்ரவரி 5-ல் வாங்கி 2025 பிப்ரவரி 5-ல் விற்றால் கழித்தால் 366 வரும். எக்செல் நீண்டகாலம் என்று சொல்லும். ஆனால் சட்டம் எண்ணுவது மாதங்களை, நாட்களை அல்ல, அது குறுகியகாலம்தான். வாங்கிய அதே தேதி அடுத்த வருடம் வந்து, அதற்கும் மறுநாள் விற்கிறோமா என்று பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: 2024 ஜனவரியிலிருந்து மாதம் 10-ம் தேதி 5,000 ரூபாய் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் எஸ்ஐபி போகிறது. 18 தவணை முடிந்ததும், 2025 ஜூன் 20 அன்று மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் எல்லாமே நீண்டகாலம் என்றார் நண்பர். ஆனால் ஸ்டேட்மென்டில் பெரும்பகுதி குறுகியகாலம் என்று இருக்கிறது. தவறா?

ஸ்டேட்மென்ட் சரி, நண்பர் தவறு. எஸ்ஐபி என்பது ஒரே முதலீடு அல்ல. ஒவ்வொரு தவணையும் தனித்தனியாக வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறந்தநாள். 2025 ஜூன் 20 அன்று 12 மாதத்தைத் தாண்டியவை 2024 ஜனவரி முதல் ஜூன் வரையிலான 6 தவணைகள் மட்டுமே. ஜூலைத் தவணைக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. ஆக 12 தவணைகளின் லாபம் குறுகியகாலம்.

நீங்கள் மொத்தத்தையும் எடுக்காமல், அவசரத்துக்கு வேண்டிய 30,000 ரூபாய் மட்டும் எடுத்திருந்தால் கதையே வேறு. முதலில் வாங்கிய யூனிட் முதலில் வெளியே போகும் என்பதுதான் விதி. பழைய தவணைகளின் யூனிட்டுகள்தான் போயிருக்கும், எல்லாம் நீண்டகாலமாகவே இருந்திருக்கும். மொத்தமாக எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் முதிர்ந்த தவணையை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம். பல ஃபண்டுகள் சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் எக்ஸிட் லோடும் இதே மாதிரி தவணைவாரியாகத்தான் எண்ணப்படும் என்பதால் அதிலும் மிச்சம். ஆனால் லோடுக்கான காலம் ஃபண்டுக்கு ஃபண்டு மாறும். அது வேறு, வரிக்கான 12 மாதம் வேறு.

தேதி விஷயத்தில் இங்கும் ஒரு நுணுக்கம். உங்கள் வங்கியிலிருந்து பணம் போன நாள் யூனிட் கிடைத்த நாளாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி முதல் பணம் ஃபண்டின் கணக்கில் போய்ச் சேர்ந்த நாளின் யூனிட் விலை, அதாவது என்ஏவிதான் கிடைக்கும். 10-ம் தேதி ஞாயிறாக இருந்தாலும் தள்ளிப்போகும். எடுக்கும்போதும் மாலை 3 மணிக்கு மேல் கொடுத்த விண்ணப்பத்துக்கு அடுத்த வேலைநாளின் என்ஏவி. வங்கி பாஸ்புக்கைப் பார்த்து எண்ணாதீர்கள்; ஃபண்டு ஸ்டேட்மென்டில் அந்த யூனிட்டுக்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள்.

கேள்வி: 2021-ல் வாங்கிய 100 பங்குக்கு ஐந்து மாதம் முன்பு ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தது. இப்போது 150 பங்கை 600 ரூபாய்க்கு விற்கப் போகிறேன். நான்கு வருடப் பங்கு என்பதால் எல்லாம் நீண்டகாலம் என்று நினைக்கிறேன்.

100 பங்குக்கு மட்டும் அது சரி. போனஸ் பங்குக்குக் காலம் தொடங்குவது அது உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நாளில்தான். மேலும் அதன் அடக்கவிலை பூஜ்யம். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதால் 100 பழைய பங்கும் 50 போனஸ் பங்கும் போகும். அந்த 50-க்குக் கிடைக்கும் 30,000 ரூபாய் முழுதும் லாபம், முழுதும் குறுகியகாலம். வரி 6,000, செஸ் தனி. இன்னும் ஏழு மாதம் பொறுக்க முடியுமானால் இப்போது 100-ஐ மட்டும் விற்றுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பங்கு உடைப்பு இப்படி அல்ல. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாக உடைந்தால், ஐந்துக்கும் பழைய தேதியே. போனஸும் உடைப்பும் சேர்ந்து வரும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

கேள்வி: அப்பா 2012-ல் 150 ரூபாய்க்கு வாங்கிய 200 பங்குகள் அவர் மறைவுக்குப்பின் என் டீமேட்டுக்கு மாறின. மூன்று மாதத்தில் 900 ரூபாய்க்கு விற்றேன். புரோக்கரின் வரி அறிக்கை இதைக் குறுகியகாலம் என்கிறது.

அறிக்கை தயாரித்த சாஃப்ட்வேருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. பங்கு உங்கள் கணக்குக்கு வந்த தேதி மட்டும்தான் அதற்குத் தெரியும். வாரிசாகவோ, உயில் மூலமோ, பரிசாகவோ வந்த பங்குக்கு முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். அப்பாவின் 2012-லிருந்து எண்ணுங்கள். சந்தேகமே இல்லாமல் நீண்டகாலம்.

அடக்கவிலையும் அப்பாவுடையதே. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியது என்பதால், அன்றைய சந்தை உச்ச விலை அதைவிட அதிகமென்றால் அந்த விலையையே அடக்கமாகக் கொள்ளலாம் (விற்ற விலையைத் தாண்டக் கூடாது). அது 420 என்று வைத்துக்கொண்டால் பங்குக்கு லாபம் 480, மொத்தம் 96,000. உங்களுக்கு வேறு நீண்டகாலப் பங்கு லாபம் இல்லையென்றால் 1,25,000-க்குள் அடங்கிவிட்டது, வரி இல்லை. ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும். அப்பாவின் பழைய காண்ட்ராக்ட் நோட்டையோ டீமேட் ஸ்டேட்மென்டையோ தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பங்கையே ஒரு புரோக்கரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும். மாற்றிய நாளையே புதிய செயலி வாங்கிய நாளாகக் காட்டும். பெரும்பாலான செயலிகளில் தேதியையும் விலையையும் நாமே திருத்த இடம் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க நிறுவனத்தின் சென்னைக் கிளையில் வேலை. நிறுவனம் 2022-ல் எனக்குத் தருவதாக அறிவித்த அதன் பங்குகள் 2023 நவம்பரில் கைக்கு வந்தன. 2025 மார்ச்சில் விற்றேன். அமெரிக்க புரோக்கரின் ஸ்டேட்மென்டில் லாங் டெர்ம் என்று போட்டிருக்கிறது.

அது அமெரிக்க விதி. அங்கே ஒரு வருடம். அமெரிக்கச் சந்தையில் பட்டியலாகியிருந்தாலும் இந்தியச் சந்தையில் இல்லாததால் நம் சட்டப்படி 24 மாதம் தேவை. எண்ணத் தொடங்குவது அறிவித்த 2022-லிருந்து அல்ல, பங்கு உங்கள் பெயருக்கு வந்த 2023 நவம்பரிலிருந்து. 16 மாதம்தான் ஆகியிருக்கிறது. குறுகியகாலம், அதுவும் 20 சதவிகிதம் அல்ல, உங்கள் ஸ்லாப் விகிதம். ஒரே ஆறுதல், கைக்கு வந்த நாளின் மதிப்புக்குச் சம்பளத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருப்பீர்கள். அந்த மதிப்புதான் அடக்கவிலை. அதற்கு மேல் ஏறியதற்கு மட்டும் வரி.

கேள்வி: ஒரே டெட் ஃபண்டில் 2022-லும் 2024-லும் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் 24 மாதம்தானே?

2022-ல் போட்டதற்கு மட்டும். 24 மாதம் தாண்டிவிட்டதால் 12.5 சதவிகிதம். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெட் ஃபண்ட் யூனிட்டுக்குக் காலக் கணக்கே கிடையாது. பத்து வருடம் வைத்திருந்தாலும் குறுகியகாலம், ஸ்லாப் வரி. எடுக்கும்போது 2022 யூனிட்டுகள்தான் முதலில் போகும் என்பதால், எத்தனை யூனிட் பழையவை என்று பார்த்து அந்த எண்ணிக்கையோடு நிறுத்தினால் 2024 யூனிட்டுகளைத் தொட வேண்டியிருக்காது.

கேள்வி: ரெகுலர் பிளானிலிருந்து அதே ஃபண்டின் டைரக்ட் பிளானுக்கு மாறினேன். பழைய தேதி தொடருமா?

தொடராது. மாறியது விற்று வாங்கியதாகவே கணக்கு. அன்றே லாபத்துக்கு வரி வந்துவிட்டது. புது யூனிட்டுக்கு அன்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ஃபண்டு நிறுவனமே ஒரு திட்டத்தை இன்னொன்றோடு இணைத்தால் மட்டும் பழைய காலம் கூடவே வரும்.