திருப்பி அனுப்பிய 60 கேன்கள் கையிருப்பில் இருமுறை கழிவது ஏன்?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு சிறிய ரசாயன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கிய 500 பிளாஸ்டிக் கேன்களில் 60 ஒழுகியதால் திருப்பி அனுப்பிவிட்டோம். டாலியில் Rejections Out, Debit Note இரண்டும் போட்டேன். ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்தால் 540 இருக்கிறது. டாலி 480 காட்டுகிறது. பாக்கிப் பட்டியலில் பழைய பில் முழுத் தொகைக்கே நிற்கிறது. சப்ளையரோ “டெபிட் நோட் எதற்கு, மாற்றுக் கேன் தந்துவிடுகிறேன்” என்கிறார். எதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் போட்ட இரண்டு வவுச்சர்களும் சரியானவையே, அவை இரண்டும் ஒரே சரக்கைப் பற்றியவை என்பதை மட்டும் டாலிக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். Rejections Out என்பது கையிருப்பை மட்டும் குறைக்கும். சப்ளையர் கணக்கைத் தொடாது. Debit Note-இல் சரக்கின் பெயரும் எண்ணிக்கையும் சேர்த்து எழுதினால், அது சப்ளையர் கணக்கையும் குறைக்கும், கையிருப்பையும் குறைக்கும். அதனால்தான் முன்பிருந்த 100, புதிதாக வந்த 500 ஆகியவற்றிலிருந்து 60 இருமுறை கழிந்து 480 ஆகிவிட்டது. Rejections Out வவுச்சரைத் திறந்து, சரக்கு வரியில் Tracking No. என்ற இடத்தில் ஓர் எண்ணைக் கொடுங்கள். பிறகு Debit Note-ஐத் திறந்து, அதே சரக்கு வரியில் அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இப்போது அங்கே Not Applicable என்று இருக்கும். பிழை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. சேமித்த பின் அந்தச் சரக்கின் வவுச்சர் பட்டியலைப் பார்த்தால் 60 ஒரு முறை மட்டுமே குறைந்து, மீதி 540 என்று வர வேண்டும்.

பாக்கிப் பட்டியலின் சிக்கல் வேறு. ஒரு கேன் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 கேன்களுக்கு 1,50,000, அதன்மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 27,000, ஆக பில் தொகை 1,77,000 ரூபாய். திருப்பிய 60 கேன்களுக்கு 18,000, வரி 3,240, ஆக டெபிட் நோட் 21,240 ரூபாய். செலுத்த வேண்டியது 1,55,760 ரூபாய். டெபிட் நோட்டைச் சேமிக்கும்போது டாலி எந்தப் பில்லுக்கு எதிராக என்று கேட்கும். அங்கே Agst Ref கொடுத்து அந்தப் பழைய பில் எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும். New Ref அல்லது On Account கொடுத்தால் சப்ளையர் பேரேட்டின் மொத்த இருப்பு சரியாகவே இருக்கும். ஆனால் பாக்கிப் பட்டியலில் பில் 1,77,000-க்கும் டெபிட் நோட் தனியாக ஒரு மூலையிலும் நிற்கும். பணம் அனுப்புகிறவர் பட்டியலைப் பார்த்துத்தான் காசோலை எழுதுவார். பேரேடு சரியாக இருந்தும் 21,240 ரூபாய் கூடுதலாகப் போய்விடுவது இப்படித்தான். பில்லுக்கு ஏற்கெனவே முழுப் பணமும் கொடுத்திருந்தால், டெபிட் நோட்டுக்கு New Ref கொடுத்து வைத்து, அதே சப்ளையரின் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

இனி இந்தக் குழப்பம் வராமலிருக்க, சரக்கை நிராகரிப்பதையும், அது வாசலைத் தாண்டிப் போவதையும், பணக்கணக்கு குறைவதையும் மூன்று தனி நிகழ்ச்சிகளாகப் பாருங்கள். பெரும்பாலும் அவை மூன்று வெவ்வேறு நாட்களில்தான் நடக்கும். கேனில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு மணி நேரம் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பார்க்கும் உங்கள் ஸ்டோர்ஸ் ஆள், கழுத்து மரையிலோ அச்சின் இணைப்புக் கோட்டிலோ ஈரம் கசிவதைக் கண்டு சிவப்பு அட்டை கட்டுகிறாரே, அது முதல் நிகழ்ச்சி. அந்த நேரத்தில் கையிருப்பின் மொத்தம் 600-தான். அதில் பயன்படுத்தத் தக்கவை மட்டும் 540. ஆகவே டாலியில் “நிராகரிப்பு” என்று ஒரு தனி கோடவுன் திறந்து, Stock Journal மூலம் 60-ஐ அங்கே நகர்த்திவிடுங்கள். மதிப்பு மாறாது, உற்பத்திப் பிரிவு அந்தக் கேன்களை எடுத்து அமிலம் நிரப்பிவிடும் ஆபத்து மட்டும் நீங்கும்.

அதே நாளில் சப்ளையருக்கு எழுத்தில் நிராகரிப்புக் கடிதம் போக வேண்டும். தொலைபேசியில் சொன்னது போதாது. உங்கள் சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பணம் கொடுக்க வேண்டிய கெடுவும் அதை வைத்தே எண்ணப்படும். கடிதத்தில் பில் எண், ஜி.ஆர்.என். எண், எண்ணிக்கை, குறையின் தன்மை, கேனில் பொறித்திருக்கும் தொகுதி எண் ஆகியவை இருந்தால், பின்னால் “இது எங்கள் கேனே இல்லை” என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இரண்டாவது நிகழ்ச்சி, வண்டி புறப்படுவது. Rejections Out-இன் தேதி இந்த நாளாகவே இருக்க வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. தூரம் குறைவுதான், ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணில் நமக்கு முதல் இரண்டு இலக்கம் 33, அவர்களுக்கு 34. ஆகவே இது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்பும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை என்ற பழக்கத்தில் இங்கேயும் இருந்துவிடக் கூடாது. எல்லை தாண்டினால் வரியும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் போனாலே இ-வே பில் வேண்டும். உங்கள் 21,240 ரூபாய்ச் சரக்குக்கு அது தேவையில்லை. ஆனால் டெலிவரி சலான் கட்டாயம் வேண்டும், அதுவும் மூன்று படிகளாக: மூலப்படி சப்ளையருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது உங்கள் கோப்புக்கு.

அந்த மூன்றாவது படியில், சரக்கை இறக்கிக்கொண்டவர் எண்ணிக்கையை எழுத்தால் எழுதிக் கையொப்பமிட்டு, அந்தப் படி உங்களிடம் திரும்பி வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையிலிருந்து 40 டிரம்களைத் திருப்பி அனுப்பினோம். வண்டிக்காரர் வெறும் முத்திரை மட்டும் வாங்கி வந்தார். இரண்டு மாதம் கழித்து 34 மட்டுமே வந்ததாகச் சப்ளையர் சொன்னார். எங்களிடம் எண்ணிக்கை எழுதிய காகிதம் இல்லாததால் ஆறு டிரம்களின் விலையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி, பணக்கணக்கு. டெபிட் நோட்டில் நீங்கள் எழுத வேண்டிய விலை அந்தப் பில்லில் உள்ள 300 ரூபாய்தான். உங்கள் கையிருப்பின் சராசரி விலை அல்ல. முன்பிருந்த 100 கேன்கள் 280 ரூபாய் வீதம் வாங்கியவை என்றால், 28,000-மும் 1,50,000-மும் சேர்ந்து 600 கேன்களுக்கு 1,78,000. சராசரி சுமார் 296 ரூபாய் 67 காசு. சில மென்பொருள்கள் வெளியே போகும் சரக்கை இந்தச் சராசரியில் எடுக்கும். அப்போது 60 கேன்களுக்குக் கையிருப்பு மதிப்பு 17,800 குறையும், சப்ளையர் கணக்கிலோ வரி நீங்கலாக 18,000 குறையும். இந்த 200 ரூபாயைப் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விலை வேறுபாட்டுக் கணக்கில் எழுதிவிடலாம். உள்ளபடி மீதமிருப்பது 280 ரூபாய்க் கேன் 100-ம் 300 ரூபாய்க் கேன் 440-ம் என்பதால், சரியான மதிப்பு 1,60,000 என்று கையால் கூட்டி ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வாங்கியவர் போடும் டெபிட் நோட் கணக்குக்கான கோரிக்கைதான். அதை வைத்துச் சப்ளையர் தம் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட வேண்டியவர் அவர்தான். அதை அவர் தம் ரிட்டர்னில் காட்டியதும் உங்கள் GSTR-2B-க்கு வந்து சேரும். 2024 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. இணையதளத்தின் IMS பக்கத்தில் அதை ஏற்கவோ மறுக்கவோ வழி இருக்கிறது. ஏற்றதும் உங்கள் உள்ளீட்டு வரியில் 3,240 ரூபாய் தானாகவே குறையும். இங்கேயும் கையிருப்பில் நேர்ந்த அதே தவறு நேரலாம்: டெபிட் நோட் போட்ட மாதமே GSTR-3B-யில் அந்த வரியைக் கையால் திருப்பிவிட்டு, கிரெடிட் நோட் வந்த மாதம் அது தானாகக் கழிவதையும் அப்படியே விட்டுவிடுவார்கள். எந்த மாதத்தில் எது குறைந்தது என்று ஒரு ஒப்பீட்டுத் தாளில் குறித்து வைத்தால் இரட்டைக் கழிவு வராது.

சப்ளையர் கேட்கும் மாற்றுக் கேன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மாற்றுச் சரக்குக்குப் புதிய பில் போடுவார் என்றால், டெபிட் நோட்டும் கிரெடிட் நோட்டும் அப்படியே இருக்கட்டும். புதிய பில்லைப் புதிய கொள்முதலாகவே எழுதுங்கள். பாக்கி 1,55,760-லிருந்து மீண்டும் 1,77,000 ஆகும், ஆனால் இரண்டு பில்களில். அவர் பில் இல்லாமல் சலானில் மட்டும் மாற்றித் தருவார் என்றால், பணக்கணக்கே மாறவில்லை. அப்போது டெபிட் நோட் கூடாது. Rejections Out-இல் 60 வெளியே, பதில் சரக்கு வந்த நாளில் Receipt Note-இல் 60 உள்ளே, பழைய பில் முழுத் தொகைக்கே நிற்கும். இரண்டையும் கலந்து, டெபிட் நோட்டையும் போட்டு, பில் இல்லாத மாற்றுக் கேனையும் வாங்கினால், 60 கேன்கள் விலையில்லாமல் உங்கள் கையிருப்பில் ஏறும். சப்ளையர் கணக்கும் ஒருநாளும் ஒத்துவராது. என்னைக் கேட்டால் புதிய பில் முறையே நல்லது. மாநில எல்லை தாண்டும் ஒவ்வொரு கேனுக்கும் அதில் தனித்தனிக் காகிதம் இருக்கும். மாற்றுக் கேனிலும் சில ஒழுகினால் அதைத் திருப்புவதற்கும் தெளிவான பில் எண் கையில் இருக்கும்.

நீங்கள் டெபிட் நோட்டை ஏற்கெனவே போட்டுவிட்டதால், சப்ளையரிடம் கிரெடிட் நோட்டையும் மாற்றுக் கேனுக்குப் புதிய பில்லையும் எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் நோட்டைக் காட்ட அவருக்கு உள்ள கெடு, பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் முந்தியது. அது வந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் உங்கள் Debit Note-இன் Narration-இல் எழுதிவிட்டு, அந்த மாத இறுதியில் சப்ளையரிடம் கணக்கு அறிக்கை வாங்கிப் பழைய பில்லுக்கு எதிரே 1,55,760 என்றே அவரும் காட்டுகிறாரா என்று பார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.