துத்தநாகத்துக்கு 673-ஆ, 1673-ஆ?

சார்,

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். துத்தநாக ஆக்சைடைக் கரியால் ஒடுக்கும் வெப்பநிலை ஒரு கையேட்டில் 673 கெல்வின், இன்னொன்றில் 1673 கெல்வின். எலிங்கம் வரைபடத்தைப் பார்த்தே எது சரி என்று சொல்ல முடியுமா? இன்னொன்று. கோடுகள் வெட்டும் இடத்தைத் தாண்டினால் போதும் என்றால், அந்தக் காலத்தில் ஏன் இதை மூடிய மண்குடுவையில் செய்தார்கள்?

க., சேலம்

அன்புள்ள க.,

673 தப்பு. அச்சில் முன்னால் இருந்த ஒன்று உதிர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நானும் ஒரு வருடம் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான்.

வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு மோல் ஆக்சிஜன் அந்தத் தனிமத்தோடு சேரும்போது கட்டிலா ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டுகிறது. கீழே இருக்கும் கோட்டுக்காரன் மேலே இருப்பவனிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவான், அவ்வளவுதான் விதி. 673 கெல்வினில் துத்தநாகக் கோடு ஏறக்குறைய −566 கிலோஜூலில் நிற்கிறது. கரி கார்பன் மோனாக்சைடாகும் கோடு −341-இல். கரி 225 கிலோஜூல் மேலே இருக்கிறது. அங்கே துத்தநாகம் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்காது. 1673-இல் துத்தநாகம் −258, கரி −517. இப்போது கரி கீழே.

இடையில் எங்கோ வெட்டிக்கொள்ள வேண்டுமே? ஏறத்தாழ 1220 கெல்வின், அதாவது 950°C பக்கம். துத்தநாகத்தின் கொதிநிலை 907°C என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். அதுவரை ஆக்சைடு உருவாகும்போது காணாமல் போகும் வாயு ஆக்சிஜன் ஒரு மோல் மட்டும்தான். கொதித்த பிறகு இரண்டு மோல் துத்தநாக ஆவியும் சேர்ந்து மறைகிறது. என்ட்ரோபி இழப்பு கூடுவதால் கோட்டின் சாய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகி, கோடு செங்குத்தாய் ஏறுகிறது. கரியின் கோடோ கீழே இறங்குகிறது, ஒரு மோல் வாயு இரண்டாவதால். அதனால் வெட்டிய பிறகு இடைவெளி மளமளவென்று விரிகிறது.

அப்படியானால் 950°C போதுமே, எதற்கு 1400°C என்று மகள் கேட்டால், அது நியாயமான கேள்வி. கோடு முடியுமா என்று சொல்லும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. வினையும் வெப்பத்தை உறிஞ்சுவது, உலை தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1673 என்பது தாராளமான எண். பழைய குடுவை உலைகள் 1100, 1200°C அளவிலேயே வேலையை முடித்தன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரைபடத்தில் இன்னொரு கோட்டைப் பார்க்க வேண்டும். குடுவைக்குள் கரித்துண்டும் ஆக்சைடுத் துகளும் தொட்டுக்கொள்ளும் இடம் கொஞ்சம்தான். ஆக்சிஜனை உண்மையில் எடுப்பது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வாயு. எடுத்தபின் அது டைஆக்சைடாகிறது. இந்தக் கோடு துத்தநாகக் கோட்டை வெட்டுவது 1600 கெல்வின் பக்கம்தான். அதற்குக் கீழே டைஆக்சைடு சேரச் சேர வினை திரும்பிவிடும். எரியும் கரி நிறைய இருந்தால் அது டைஆக்சைடை உடனே மோனாக்சைடாக மாற்றிவிடும், ஆபத்தில்லை. ஆனால் ஆவி கரியை விட்டு வெளியே வந்து குளிரும்போது டைஆக்சைடு கலந்திருந்தால், உருக்கிய துத்தநாகம் கிடைக்காமல் ஆக்சைடு படிந்த தூள்தான் கைக்கு வரும். காற்று பட்டாலோ கேட்கவே வேண்டாம், வெள்ளைப் புகை. இரும்பு என்றால் உலையின் அடியில் திரவமாய்த் தங்கும். துத்தநாகம் ஆவியாகிப் புகையோடு போய்விடும்.

ராஜஸ்தானின் ஜாவரில் இதற்கு அழகான வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளில் வறுத்த தாதுவையும் கரியையும் அடைத்து, வாய் கீழே இருக்கும்படி துளைகளுள்ள செங்கல் தளத்தில் நிறுத்தினார்கள். ஓர் உலையில் 36 குடுவைகள். மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. ஆவி காற்றைப் பார்க்காமலே கீழே இறங்கித் துளித்துளியாய்ச் சொட்டியது. துத்தநாகத்தை ஊதுலையில் எடுப்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஏவன்மவுத்தில்தான் கைகூடியது. அங்கே உலையிலிருந்து வரும் சூடான வாயுவின் மேல் உருகிய ஈயத்தைத் தெறிக்கவிட்டார்கள். ஆவி சட்டென்று குளிர்ந்து ஈயத்தில் கரைந்துவிடுவதால், வினை திரும்ப நேரமே கிடைப்பதில்லை.

சரி, அலுமினியக் கோடு இன்னும் கீழே இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தக்கூடாது? கூடும், 673-இலேயே கூட வரைபடம் அனுமதிக்கிறது. ஆனால் கரியாலேயே எடுக்க முடிகிற துத்தநாகத்துக்காக, மின்சாரம் கொட்டி எடுத்த அலுமினியத்தை எவரும் செலவழிக்கமாட்டார்கள்.

மகளிடம் இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 1673 போட்ட கையேட்டில் சமன்பாடு ZnO(s) + C(s) → Zn(s) + CO(g) என்று இருந்தால், அதுவும் தப்பு. அந்தச் சூட்டில் அது Zn(g).