ரீல்ஸுக்கு போன், நேர்காணலுக்கு லேப்டாப்

கேள்வி: வீடியோ எடிட்டிங் இப்போதுதான் பழகுகிறேன். எல்லாமே போனில் எடுப்பதுதான். வாரம் இரண்டு ரீல்ஸ், மாதம் ஒரு முறை 40 நிமிட நேர்காணல், அதற்குக் குரலைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. பெரிதாகச் செலவு செய்ய முடியாது. போன் ஆப்பே போதுமா, கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: ரீல்ஸை போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வீடியோவில் பத்துப் பதினைந்து வெட்டு, ஒரு பாட்டு, கொஞ்சம் எழுத்து இருக்கும். இதற்காக வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றி, முடித்ததைத் திரும்ப போனுக்குக் கொண்டுவரும் நேரத்தில் ஆப்பில் வேலையே முடிந்திருக்கும்.

நேர்காணல் வேறு கதை. முதல் சிக்கல் இடம். ஐபோனில் வழக்கமான ஹெச்.இ.வி.சி முறையில் 4கே, 30 ஃபிரேம் என்று எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 40 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 7 ஜிபி. எக்ஸ்போர்ட் செய்யும் ஃபைலுக்கும் இடம் வேண்டும். போதாக்குறைக்கு, சில ஆப்கள் வீடியோவைத் தங்களுக்கென்று இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளும். பேசும் முகம் மட்டும்தான் என்றால் 1080-இல் எடுத்தாலே போதும், நிமிடத்துக்கு 60 எம்பிதான்.

இரண்டாவது சிக்கல் உங்கள் தனி ரெக்கார்டர். போன் கேமரா பெரும்பாலும் ஒரே சீரான வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலும் போன் சூடானாலும் ஃபிரேம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கும். இது லேப்டாப் சாஃப்ட்வேர்களைத்தான் அதிகம் குழப்பும். தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், 30-ஆவது நிமிடத்தில் வாய் மூடிய பிறகு வார்த்தை வரும். இதைக் கண்டுபிடிக்க, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். டைம்லைனில் முதல் தட்டலைப் பொருத்திவிட்டு, நேராகக் கடைசித் தட்டலுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு தட்டலும் ஒரே அளவு விலகினால் நீங்கள் வைத்த இடம்தான் தவறு, மொத்தமாக நகர்த்தினால் சரியாகிவிடும். முதலாவது பொருந்தி, கடைசி மட்டும் விலகினால் வேகம்தான் பிரச்சினை.

அதற்கு மருந்து லேப்டாப்பில் இருக்கிறது. ஷாட்கட் என்ற இலவச சாஃப்ட்வேரில் இப்படிப்பட்ட ஃபைலைத் திறந்தால், எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரவா என்று அதுவே கேட்கும். சரி சொல்லிவிட்டு, எம்பி4 தரும் தேர்வை எடுங்கள். தரம் அதிகமான மற்ற தேர்வுகள் ஹார்டு டிஸ்க்கை நிரப்பிவிடும். மாற்றிய பிறகும் கொஞ்சம் விலகல் இருந்தால் ரெக்கார்டரின் கடிகாரமே சற்று வேறாக ஓடுகிறது என்று பொருள். ஒவ்வொரு புதுக் கேள்வி தொடங்கும் இடத்திலும் குரலை வெட்டி, மறுபடி பொருத்திக்கொண்டே போங்கள். இந்த வேலையை விரலால், அந்தச் சின்னத் திரையில் செய்து பார்த்தால் நான் ஏன் லேப்டாப் என்கிறேன் என்று தெரியும்.

உங்கள் 8 ஜிபி லேப்டாப் திணறுமா? அசல் வீடியோவை அப்படியே ஓடவிட்டால் திணறும். ஷாட்கட்டில் `Settings > Proxy > Use Proxy` என்பதை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சின்ன பிரதி தயாராகும். நீங்கள் வெட்டி ஒட்டுவது அதில், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது அசலிலிருந்து. பிரதி தயாராக நேரம் எடுக்கும், அதைத் தொடங்கிவிட்டு வேறு வேலை பாருங்கள். டாவின்சி ரிசால்வும் இலவசம்தான், வண்ணம் திருத்த அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 16 ஜிபி ரேம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஆரம்பநிலையாளர்கள் பலர் நேராக அதில் இறங்கி, எடிட்டிங் கஷ்டம் என்று முடிவு கட்டுகிறார்கள். கஷ்டம் எடிட்டிங்கில் இல்லை, மெஷினில்.

பணம் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். லேப்டாப்பில் நல்ல சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, செலவெல்லாம் மெஷினுக்கு. போனில் மெஷின் ஏற்கெனவே கையில், ஆனால் ஆப்தான் மாதச் சந்தா கேட்கும். கைன்மாஸ்டரில் சந்தா இல்லாவிட்டால் வீடியோவில் வாட்டர்மார்க் விழும். வேறு சில ஆப்களில் எல்லாம் இலவசம் போலவே இருக்கும், பிடித்த எஃபெக்ட்டைப் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் அழுத்தும்போதுதான் கட்டணத் திரை வரும். அதனால் எந்த ஆப்பையும் பத்து விநாடி வீடியோவில் எழுத்தும் பாட்டும் சேர்த்து, எக்ஸ்போர்ட் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், ஆப்பை நீக்கினால் அதிலுள்ள ப்ராஜெக்ட்டும் போய்விடக்கூடும், முடித்த வீடியோவைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

சந்தாவுக்கு ஒதுக்க நினைத்த பணத்தைச் சேர்த்து, முதலில் வெளியில் செருகும் எஸ்.எஸ்.டி ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பில் ரேம் கூட்ட வழி இருந்தால் அது அடுத்தது.