முடி நீரை உறிஞ்சும் தன்மை: வீட்டுச் சோதனை

என் முடி தண்ணீரை எவ்வளவு உறிஞ்சும் என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? கண்டிஷனர், எண்ணெய் அதற்கேற்ப மாறுமா?

மாறும். டம்ளர் தண்ணீரில் முடியை மிதக்கவிடும் சோதனையை நம்பாதீர்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயே அதை மிதக்க வைத்துவிடும். ஷாம்பு மட்டும் போட்டு அலசி, கண்டிஷனர் இல்லாமல் காயவைத்த முடியில் தண்ணீரை ஸ்பிரே செய்யுங்கள். வேர்ப்பக்கம், நுனி இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

துளிகள் முத்து முத்தாக நின்றால் உறிஞ்சுதல் குறைவு. லேசான கண்டிஷனர் போதும். எண்ணெய் இரண்டு சொட்டைத் தாண்டினால் பிசுபிசுக்கும்.

சாயம் போட்ட முடியில் பெரும்பாலும் வேர்ப்பக்கம் துளி நிற்கும், நுனி சட்டென்று குடித்துவிடும். அங்கே மேற்செதில்கள் சேதமாகியிருக்கின்றன. கெட்டியான கண்டிஷனரை நுனிக்கு மட்டும் தடவுங்கள். தலைக்குக் குளிக்கும் முன் அங்கே தேங்காய் எண்ணெய் தேய்த்தால், அது முடிக்குள் இறங்கி, தண்ணீரில் ஊதிப்போவதைக் குறைக்கும்.