அப்பாவுக்கு மட்டுமா வயசாகும்? வயதுக் கணக்குக் கேள்வி-பதில்

"அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காகும். இப்போதைய வயது என்ன?" இந்தக் கணக்குக்கு என் பையனுக்கு ஒரு தடவை 0 வருகிறது, இன்னொரு தடவை -12 வருகிறது. எங்கே தப்பு?
- பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா

இரண்டும் வேறு வேறு தப்பு. விடையைப் பார்த்தே எது எந்தத் தப்பு என்று சொல்லிவிடலாம், அதனால் ரஃப் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

மகனுக்கு x என்றால் அப்பாவுக்கு 3x. 12 ஆண்டுகள் போனால் மகன் x + 12, அப்பா 3x + 12. அன்றைக்கு அப்பாவின் வயது, அன்றைய மகனின் வயதைப் போல் இரு மடங்கு. ஆக சமன்பாடு இது:

3x + 12 = 2(x + 12)

விரித்தால் 3x + 12 = 2x + 24, x = 12. மகனுக்கு 12, அப்பாவுக்கு 36. 12 ஆண்டுகள் கழித்து 24, 48. சரியாக இருக்கிறது.

0 வந்த அன்று பையன் அடைப்புக்குறியை விட்டுவிட்டு 3x + 12 = 2x + 12 என்று எழுதியிருப்பான், அதாவது மகனின் பழைய வயதை மட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு 12-ஐ அப்படியே ஒட்டியிருக்கிறான். -12 வந்த அன்று 3x + 12 = 2x. அப்பாவுக்கு 12 வயது கூடியது, பையன் வளரவே இல்லை! இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி, சமன்பாட்டுக்கு முன்னால் "இப்போது", "அப்புறம்" என்று இரண்டு பத்தி போட்டு, நான்கு வயதையும் எழுதிவிடுவது. "அப்புறம்" பத்தியில் எழுதிய x + 12-ஐ அடைப்புக்குறியோடுதான் எடுத்து வைக்க வேண்டும். மடங்கு எந்தக் காலத்தைப் பற்றியதோ அந்தப் பத்தியிலிருந்து மட்டும் எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். தாய்க்கு 40, மகளுக்கு 16. தாயின் வயது எப்போது மகளின் வயதைப் போல் 3 மடங்காகும்? எனக்கு t = -4 வருகிறது. கேள்வியே தப்பா?
- அம்பத்தூர்

கேள்வி தப்பில்லை, உங்கள் விடையும் தப்பில்லை. 40 + t = 3(16 + t) போட்டால் -4தான் வரும். t இங்கே வயது இல்லை, இன்றிலிருந்து எத்தனை ஆண்டு தள்ளி என்பது. மைனஸ் என்றால் பின்னால் போக வேண்டும்: 4 ஆண்டுகளுக்கு முன் தாய்க்கு 36, மகளுக்கு 12. x-ஐ வயதாக வைத்து மைனஸ் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கணக்குப் போடாமலேயே இதை ஊகிக்கலாம். இருவரும் வருடத்துக்கு ஒவ்வொரு வயதுதான் ஏறுகிறார்கள், அதனால் மடங்கு குறைந்துகொண்டேதான் போகும். இப்போதே 40-ஐ 16-ஆல் வகுத்தால் 2.5. மூன்றைத் தாண்டிக் கீழே வந்தாயிற்று, இனி மேலே ஏறாது.

x இல்லாமல் வேகமாகப் போட வழி உண்டா?
- வேளச்சேரி

உண்டு, வயது வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது மாறாது. அப்பா 3 மடங்காக இருக்கும்போது வித்தியாசம் மகன் வயதைப் போல் இரண்டு பங்கு. 2 மடங்காகும்போது வித்தியாசமும் மகன் வயதும் ஒன்றே. ஆக மகன் வயது வித்தியாசத்தில் பாதியிலிருந்து முழு வித்தியாசத்துக்கு ஏறுகிறது. முதல் கணக்கில் அதற்கு 12 ஆண்டு, அதனால் பாதி 12, வித்தியாசம் 24. மகன் 12-இல் இருக்கும்போது 3 மடங்கு, 24-இல் இருக்கும்போது 2 மடங்கு. வாய்க்கணக்காகவே முடிந்துவிடும். ஆனால் பள்ளித் தேர்வில் படி எழுதச் சொன்னால் சமன்பாட்டையே எழுதுங்கள், மார்க் அதில்தான் இருக்கிறது.

வித்தியாசம் மாறாது என்கிறீர்கள். என் பெண் எங்கள் வீட்டு வயதைப் போட்டுப் பார்த்தாள்: மார்ச்சில் எனக்கு 42, அவளுக்கு 16. செப்டம்பரில் எனக்கு 42, அவளுக்கு 17. ஒன்று குறைந்துவிட்டதே?
- திருவான்மியூரிலிருந்து ஒரு அப்பா

உங்கள் பெண் கெட்டிக்காரி. மாறாதது இரண்டு பிறந்த தேதிகளுக்கு இடையிலான இடைவெளி. நாம் வாயால் சொல்லும் வயது முடிந்த ஆண்டுகள் மட்டும். மீதி மாதங்களை உதிர்த்துவிடுகிறோம். நீங்கள் ஜனவரியிலும் அவள் ஆகஸ்டிலும் பிறந்திருந்தால், உங்கள் பிறந்தநாளுக்கும் அவளுடையதுக்கும் நடுவில் வித்தியாசம் 26 என்று தெரியும், அவளுக்குப் பிறந்தநாள் வந்ததும் 25. உண்மையான இடைவெளி இரண்டுக்கும் நடுவில், 25 ஆண்டும் சில மாதமும்.

பாடப்புத்தகக் கணக்கு இந்த மாதங்களைக் கண்டுகொள்ளாது, எல்லோருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள் மாதிரி வைத்துக்கொள்ளும். அதனால்தான் 33-உம் 8-உம் கொடுத்து எப்போது 3 மடங்கு என்று கேட்டால் நாலரை ஆண்டு என்று வரும், 37.5, 12.5. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம், மூன்றால் பெருக்கிப் பார்த்துச் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.